கைப்பேசியில் காணாமற்போன கோடு

நான் நேரில் கண்டவற்றையும், நடந்த நாள்களிலேயே சரிபார்த்துக்கொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். இக்கட்டுப்பாடு என் இயல்பினால் மட்டும் வந்ததன்று. ஒருவர் எழுதிய உண்மையான வாசகம், ஒரு சொல்லும் மாறாமலே, படித்தவர்களிடம் பொய்யாகப் போய்ச் சேர்ந்த நிகழ்ச்சி இது. அதைச் சொல்ல வருபவர், அழகுக்காகக்கூட எதையும் சேர்த்துச் சொல்லலாகாது. அந்த வாசகத்தை எழுதியவர் வீட்டு முற்றத்தில் என்ன பூத்திருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. பேச்சுகளை நினைவிலிருந்து தருகிறேன். சொல்லுக்குச் சொல் அவை அப்படியே இருந்தன என்று உறுதி கூறமாட்டேன்; பொருள் அதுவே என்று கூறுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த முதற்பத்தாண்டின் நடுப்பகுதி. மலையாள நாட்டுத் தலைநகரில், கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டத்துக்குப் பேருந்தில் போய்வரும் வேலை எனக்கு. தொழில்நுட்பப் பூங்காவின் மதிலுக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் சிறிய அலுவலகம். மலைப்பக்கத்திலும் கடற்கரையிலும் தம் வீட்டிலேயே ஓரிரு அறைகளை விருந்தினருக்கு விடுபவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி எழுதி வெளியிட ஓர் இணையதளத்தை அது நடத்திவந்தது. அந்த வாசகங்களைத் திருத்துவது என் பணி. தமிழ் முதுகலை படித்தவளுக்கு ஆங்கில வாசகங்களைத் திருத்தும் வேலை எப்படிக் கிடைத்தது என்று வீட்டில் வியந்தார்கள். தேர்வில் ஒரு பக்கக் கட்டுரையைக் கொடுத்து, பொருள் குறையாமல் மூன்றில் ஒரு பங்காக்கச் சொன்னார்கள். யாப்புப் படித்தவர்களுக்கு அது கடினமன்று.

நான் சேர்ந்த சில மாதங்களில், கைப்பேசியில் படிப்பதற்கென்று அத்தளத்துக்குத் தனிப்பதிப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அன்றைய கைப்பேசித் திரை ஒரு தீப்பெட்டியின் முகப்பைவிடச் சற்றே பெரிது. கணினியில் நான்கு வரியாக அடங்கும் ஒரு பத்தி, அதில் கட்டைவிரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டு போகவேண்டிய நெடும்பயணம் ஆகிவிடும். ஆகவே கைப்பேசிக்கு ஏற்பப் பத்திகளை உடைப்பதும், முதன்மையான செய்தியை முதலில் கொண்டுவருவதும் என் பணியோடு சேர்ந்தன. அலுவலக மேசை ஒன்றின் இழுப்பறையில் வெவ்வேறு நிறுவனங்களின் கைப்பேசிகள் கிடந்தன. ஒரே வாசகம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோரிடத்தில் மடிவதைப் பார்ப்பது எனக்குத் தீராத வியப்பாக இருந்தது. ஒரு கருவியில் வரியின் முடிவில் நிற்கும் சொல், அடுத்த கருவியில் தனியே அடுத்த வரியில் போய் உட்காரும். எழுதுகிறவளுக்கு வரியின் நீளம் கையில் இல்லை. வாக்கியத்தின் நீளம் மட்டுமே கையில் இருந்தது.

இன்னொன்றும் கையில் இல்லை. கணினிப் பக்கத்தில் எழுத்தைத் தடித்ததாகவோ சாய்ந்ததாகவோ வண்ணமுடையதாகவோ காட்ட, சொல்லின் இருபுறமும் கண்ணுக்குத் தெரியாத குறிகள் இடப்படும். அலுவலகத்தில் அவற்றை டேக் என்பார்கள். வீட்டுக்காரர்கள் அவற்றை அறியவேண்டியதில்லை. எழுதும் கட்டத்துக்கு மேலே உள்ள பொத்தான்களை அழுத்தினால் குறிகள் தாமாகவே விழும். ஆனால் கைப்பேசிகள் எல்லாக் குறிகளையும் அறிந்தவையல்ல. திறந்த குறி ஒன்றை மூடாமல் விட்டால், பக்கத்தையே காட்டாமல் பிழை என்று சொல்லிவிடும் கருவிகளும் இருந்தன. அதனால் கைப்பேசிப் பதிப்புக்குச் சில குறிகளுக்கு மட்டுமே அனுமதி: பத்தி, வரிமுறிவு, தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, இணைப்பு. மற்றவற்றை வடிகட்டி என்று நாங்கள் அழைத்த ஒரு சிறு நிரல் நீக்கிவிடும். குறியைத்தான் நீக்கும், குறிகளுக்கு நடுவிலுள்ள சொற்களைத் தொடாது.

இந்த வடிகட்டியின் வழியாக வந்த வாசகங்களைப் படிப்பது ஒரு தனிக்கல்வி. வீட்டின் பெயரை நடுவில் நிறுத்த ஒருவர் முன்னால் இடைவெளிகளை அடுக்கியிருப்பார். அவையெல்லாம் ஒற்றை இடைவெளியாகச் சுருங்கிப் பெயர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோவளத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் அலங்காரத்துக்காக இட்ட நட்சத்திர வரிசை, கைப்பேசித் திரை முழுவதையும் நிரப்பிவிட்டு, வீட்டை அதற்குக் கீழே எங்கோ தள்ளிவிட்டது. அட்டவணைகளின் கதி இன்னும் மோசம். இரட்டை அறைக்குக் காலையுணவு உண்டு, ஒற்றை அறைக்கு இல்லை என்று கட்டம் போட்டுக் காட்டியிருந்த செய்தி, கட்டங்கள் போனபின் எந்த அறைக்கு எது என்று அறியமுடியாத ஒரே ஓட்டமாக ஓடியது. இத்தகையவற்றை வரிசைப்படி எடுத்து ஒவ்வொன்றாகத் திருத்திவந்தேன். என் முறை வரும்வரை வடிகட்டி தந்ததே கைப்பேசியில் நிற்கும்.

அந்த நாள்களில்தான் விதுரைப் பக்கத்து வீடு ஒன்றின்மேல் புகார் வந்தது.

அந்த வீட்டுக்காரர் பொன்முடிச் சாலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கணக்கராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்டவேலைக்கு வந்த குடும்பம். தோட்டத்தில் சம்பளம் நின்றுபோனபின் கீழே இறங்கி, இருந்த வீட்டோடு இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டி விருந்தினருக்கு விட்டுவந்தார். அவரும் மனைவியும் அதைக் கொண்டே வாழ்ந்தார்கள். விருந்தினர் ஏறக்குறைய எல்லாரும் எங்கள் தளத்தின் வழியாக வந்தவர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு: வாசகம் பொய் என்று மூன்று புகார் வந்தால் வீட்டைத் தளத்திலிருந்து நீக்கிவிடவேண்டும். மூன்றாவது புகார் வந்துவிட்டது.

பிரிவுத் தலைவர் மலையாளி. எங்களோடு பேசுகையில் தமிழையும் மலையாளத்தையும் தயங்காமல் கலப்பார்.

"நோக்கு, மூணு பேரும் ஒண்ணு போல எழுதியிருக்காங்க. ரோட்டிலேர்ந்து வீடு வரைக்கும் ஜீப் உண்டுன்னு படிச்சோம், ஜீப் இல்ல. எப்பவும் சுடுவெள்ளம்னு படிச்சோம், இல்ல. ராத்திரி சாப்பாடு உண்டுன்னு படிச்சோம், அதும் இல்ல. பின்னே என்ன மிச்சம்? காத்து மட்டும் உண்டு. நாளைக்கு மீட்டிங்ல எடுத்துடலாம்."

நான் என் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஜீப், எந்நேரமும் வெந்நீர், இரவுணவு ஆகிய மூன்று வரிகளும் அங்கே இருந்தன. ஆனால் மூன்றின் நடுவிலும் ஒரு கோடு ஓடியது. அவை அடிக்கப்பட்டிருந்தன.

"சார், அடிச்சிருக்காரே."

அவர் எட்டிப் பார்த்தார். "கம்ப்ளெயிண்ட் போனதுக்கு அப்புறம் அடிச்சிருப்பார். இல்லேன்னா எடுத்துக் களைஞ்சிருப்பாரே! அடிச்சு வச்சிட்டு யாராவது கடையில சாமான் விப்பாங்களா?"

ஐயம் நியாயமானது, சரிபார்க்கக்கூடியதும்கூட. நிரலாளர் ஒருவர் எங்களோடு இருந்தார். நாகர்கோவில்காரர், வடிகட்டியை எழுதியவரும் அவரே. அந்த வாசகம் கடைசியாக மாற்றப்பட்ட நாளைக் கண்டு சொல்லுமாறு கேட்டேன். முதல் புகாரை எழுதிய விருந்தினர் வந்து தங்கியதற்கும் நெடுநாள் முன்னால் அது மாற்றப்பட்டிருந்தது. அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. அப்படியானால் மூன்று குடும்பங்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், அடித்த வரியை அடிக்காத வரியாகப் படித்திருக்கிறார்கள்.

"கோடு கண்ணுக்குத் தெரியாம இருக்குமோ?" என்று கேட்டேன்.

"அக்கா, எனக்கே தெரியுது. நான் கண்ணாடி போட்டவன்" என்றார் நிரலாளர். "ஆளுக படிக்கிறதே இல்ல, பாத்துக்கிடுங்க. ஜீப்னு பாத்ததும் மனசு ஜீப்ல ஏறிடும்."

ஒருவர் அப்படிப் படிக்கலாம். மூவர் மூன்று வரியையும் அப்படியே படிப்பது எனக்கு நம்பத்தக்கதாக இல்லை. அலுவலகத்திலிருந்து வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் காலை, கூட்டத்துக்கு முன்பாகவே, அவர் பேருந்தில் வந்து சேர்ந்தார். மடித்த முழுக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் குடை. தம்மைக் குற்றவாளியாக நினைத்து வந்தவரைப் போல் இல்லை. குற்றம் சாட்டியவரைப் பார்க்க வந்தவரைப் போல் இருந்தார்.

என் மேசையில் காகிதங்களில் சிவப்பு மையால் திருத்தியிருப்பதைக் கண்டு, "நீங்க டீச்சரா?" என்றார்.

"இல்லைங்க. இங்கே வாசகம் பார்க்கிறவள்."

"அது டீச்சர் வேலைதானே. பாருங்க டீச்சரே, நான் கள்ளம் எழுதலே. ஜீப்பு வித்தாச்சு, அன்னைக்கே வெட்டிட்டேன். சோலார் ஹீட்டர் இடி விழுந்து போச்சு, அன்னைக்கே வெட்டிட்டேன். வீட்டுக்காரிக்கு முட்டுவலி, ராத்திரி அடுப்புல நிக்க முடியலே. அதையும் வெட்டிட்டேன். வெட்டினதைப் படிச்சிட்டு வந்து சண்டை போட்டா நான் என்ன செய்ய?"

"வெட்டினதை எடுத்தே விட்டிருக்கலாமே?" என்றார் நிரலாளர்.

அவர் நிரலாளர் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் எஸ்டேட் ஆபீஸ்ல உக்காந்தவன். எழுதினதைச் சுரண்டினா அங்க வேலை போயிடும். நடுவுல ஒரே ஒரு கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு யாரும் படிக்கலாம். அப்பதான் அது நேரான எழுத்து. ஜீப்புல வந்து இறங்கினவங்க மறுபடி வராங்க, கேட்டேளா? வரியே இல்லேன்னா, இவன் நம்மகிட்ட ஜீப்பே சொன்னதில்லேங்கிற மாதிரி நிக்கான்னு நினைப்பாங்க. கோடு இருந்தா, முன்னே இருந்துச்சு, இப்போ இல்லேன்னு புரியும். ரெண்டு சேதி, ஒரு கோடு."

அதைக் கேட்டபோது, இந்த மனிதர் வாசகத்தை அலட்சியமாக விட்டுவைத்தவர் அல்லர், எங்கள் எல்லாரையும்விட அதில் கவனமாக இருந்தவர் என்று தெரிந்தது. ஆனால் அதனால் என்ன பயன்? கூட்டம் பிற்பகலில். அதற்குள் மூன்று புகார்களுக்கும் விடை கிடைக்காவிட்டால் அவர் வீடு தளத்திலிருந்து போய்விடும்.

அவர் குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு, தமக்கு மிகவும் உறைத்த ஒன்றைச் சொன்னார். "கடைசியா வந்த ஆளு முத்தத்துலயே நிக்கான். கையில போனை வச்சு என் மூஞ்சிக்கு நேரே நீட்டுறான். 'இதோ எழுதியிருக்கு, வாசிச்சுப் பாரும்'ங்கான். எனக்கு அந்தப் பொடி எழுத்து தெரியலே. வெள்ளெழுத்து. இவன் பொய் சொல்லுகான்னே நினைச்சேன்."

"போன்லயா படிச்சார்?"

"போன்லதான். பின்னே கம்ப்யூட்டரைத் தூக்கிட்டா மலை ஏறுவான்?"

நிரலாளரும் நானும் ஒரே நேரத்தில் இழுப்பறையைப் பார்த்தோம்.

அந்த வீடு என் திருத்த வரிசையில் இன்னும் வராதது. கைப்பேசியில் அதை நான் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்தோம். அக்காலத்து இணைப்பின் வேகம் அறிந்ததே. திரையின் மேலே சிறு உருண்டை ஒன்று சுழன்றுகொண்டிருக்க, மூவரும் அதைச் சுற்றி நின்றோம். பக்கம் வந்தது. சாலையிலிருந்து வீடுவரை ஜீப். எந்நேரமும் வெந்நீர். இரவுணவு. கோடு எதுவும் இல்லை. வரிகள் பளிச்சென்று, உறுதியோடு, விருந்தினரை அழைத்தபடி நின்றன.

நிரலாளர் மெல்லச் சொன்னார்: "அடிக்கிற டேக் நம்ம லிஸ்ட்ல இல்ல, அக்கா. நெறைய போன் அதைப் புரிஞ்சுக்காது. அதனால வடிகட்டி டேக்கை எடுத்துடுச்சு, உள்ள இருந்ததை விட்டுடுச்சு. அதுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கு."

வீட்டுக்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு கருவியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ என் கோடு எங்க போச்சு?"

"அதுக்கு அனுமதி இல்லைங்க."

"கோட்டுக்கு அனுமதி இல்லே. பொய்க்கு அனுமதி உண்டு. நல்ல ஆபீஸ்!"

நிரலாளர் சிரித்துவிட்டார், பின்னர் சிரித்ததற்காகக் காதைச் சொறிந்துகொண்டார்.

எனக்கு அப்போது அவசரத்தைவிட ஆவல் மேலிட்டதை மறைப்பதற்கில்லை. ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு குறியாக இட்டு வடிகட்டியின் வழியே அனுப்பச் சொன்னேன். நிறத்துக்கான குறி போயிற்று. வாக்கியம் நிறமிழந்து நின்றது, பொருள் அப்படியே இருந்தது. எழுத்தின் அளவுக்கான குறி போயிற்று, அதுவும் அவ்வாறே. அடிக்கோடு போயிற்று, அழுத்தம் குறைந்தது, பொருள் குறையவில்லை. பட்டியலின் குறி போயிற்று. உருப்படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பொருள் கலங்கியது. அடித்தற்குறி போனபோது மட்டும் பொருள் தலைகீழாயிற்று. மற்ற குறிகள் எல்லாம் சொல்லுக்கு மேல் சாத்திய ஆடைகள். இது ஒன்றே சொல்லை மறுக்கும் சொல். எழுத்து வடிவம் இல்லாததால் ஆடை என்று எண்ணிக் கழற்றப்பட்டது. ஓலைச் சுவடியைப் படித்தவர்களுக்கு இந்த இடர் புதிதன்று. பிழையாக எழுதியதை ஏட்டிலிருந்து அழிக்க முடியாது. மேலே கீறி விடுவார்கள். படியெடுப்பவர் கண்ணில் அந்தக் கீறல் படாவிட்டால், விலக்கிய சொல் புதிய ஏட்டில் மீண்டும் உயிர்பெற்று எழுந்துவிடும். எங்கள் வடிகட்டி அப்படியொரு படியெடுப்பவர்; கீறல்களைக் காணாதிருக்கும்படி நாங்களே பணித்திருந்தோம்.

பிரிவுத் தலைவரை அழைத்துக் கருவியைக் காட்டினோம். கணினியையும் கைப்பேசியையும் மாறிமாறிப் பார்த்தார். "ஐயோ" என்று மட்டும் சொன்னார். பிறகு வீட்டுக்காரரிடம், "சேட்டா, அந்த மூணு வரியையும் இப்பவே எடுத்துக் களையுங்க. பிரச்சினை தீர்ந்துடும்" என்றார்.

"எடுக்க மாட்டேன்."

"அய்யோ சேட்டா, நான் உங்களுக்காகத்தானே சொல்றேன்!"

"எனக்காகன்னா என் எழுத்தை நேரா காட்டுங்க. ஜீப்புல வந்தவங்க இன்னும் வருஷாவருஷம் வராங்க. அவங்ககிட்ட இல்லாத மாதிரி நடிக்க எனக்கு வராது."

பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்தார். "மீட்டிங்குக்கு முன்னாடி நீங்க எழுதித் தாங்க. இந்தப் போன்லயே நான் படிப்பேன். படிச்சு எனக்கு ஜீப் இல்லேன்னு புரிஞ்சா, வீடு இருக்கட்டும். புரியலேன்னா மத்தவங்ககிட்ட நான் என்ன சொல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடு சொன்ன இரண்டு செய்தியையும், அனுமதிக்கப்பட்ட குறிகளுக்குள், சொல்லாலேயே சொல்லவேண்டும். எளிது என்றே தொடங்கினேன். வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது; அன்றைய கருவிகளில் பலவும் தமிழெழுத்தை வெறும் கட்டங்களாகவே காட்டும். நான் எழுதியதன் கருத்தைத் தமிழில் தருகிறேன். முதலில், வரியை அப்படியே வைத்து, முடிவில் அடைப்புக்குறிக்குள் 'இப்போது இல்லை' என்று சேர்த்தேன். கருவியில் பார்த்தபோது வேறொன்று நிகழ்ந்தது. நீளமான வாசகங்களைக் கைப்பேசியின் நினைவகம் தாங்காது. ஆகவே ஓர் அளவுக்கு மேல் போனால் பக்கம் வெட்டப்பட்டு, 'அடுத்து' என்ற இணைப்புடன் மறுபக்கத்துக்குப் போகும். வெட்டு சொல்லின் நடுவில் விழாது, ஆனால் வாக்கியத்தின் நடுவில் விழும். மூன்றாவது வரியில் இரவுணவு முதற்பக்கத்தில் நின்றது. 'இப்போது இல்லை' மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

"ராத்திரி சாப்பாட்டுக்கு மட்டும் என்மேல ஒரு கேஸ் பாக்கி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். நிரலாளர் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டுக்காரர் இப்போது எங்கள் பக்கத்து ஆளாகவே உட்கார்ந்திருந்தார்.

அடுத்து, 'முன்பு இருந்தவை, இப்போது இல்லாதவை' என்று தடித்த எழுத்தில் தலைப்பிட்டு, மூன்றையும் அதன்கீழ் வரிமுறிவோடு எழுதினேன். கணினியில் அது அழகாக நின்றது. கைப்பேசியில் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும், மூன்று உருப்படிகளும் அடுத்த பக்கத்தின் தலையிலும் விழுந்தன. அடுத்த பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவை மீண்டும் ஜீப்பும் வெந்நீரும் விருந்துமே. தலைப்பை நம்பி உருப்படியைத் தனியே விடக்கூடாது என்று அப்போது தெளிந்தது. ஒவ்வொரு வரியும் தன் மறுப்பைத் தானே சுமக்கவேண்டும். அதுவும் வரியின் தொடக்கத்திலேயே. எங்கே வெட்டு விழுந்தாலும் அது பொருளை வெட்டக்கூடாது.

ஆகவே மூன்று சிறு பத்திகள் எழுதினேன். 'ஜீப் இல்லை: முன்பு இருந்தது, விற்றாயிற்று, சாலையிலிருந்து நடந்து ஏறவேண்டும்.' 'வெந்நீர் எந்நேரமும் இல்லை: காலையில் மட்டும், விறகடுப்பில்.' 'இரவுணவு இல்லை: முன்பு தந்தோம், வரும்வழியில் விதுரைச் சந்தையில் சாப்பிட்டு வரலாம்.' ஆங்கிலத்தில் மறுப்பை முதற்சொல்லாகவே வைக்க முடிந்தது. அந்த முதற்சொற்களைத் தடித்த எழுத்தாக்கினேன். ஆனால் தடிப்பு போனாலும் சொல் நிற்கும். மூன்றையும் வாசகத்தின் தொடக்கத்துக்கே கொண்டுபோனேன்.

வீட்டுக்காரர் நான் படித்துக்காட்டியதைக் கேட்டு முகம் சுளித்தார்.

"டீச்சரே, விருந்தாளி வாசல்ல கால் வைக்கும் முன்னே இல்லே, இல்லே, இல்லேன்னு மூணு தடவை சொல்லணுமா? அது சாவு விழுந்த துட்டி வீடு மாதிரியில்ல இருக்கு?"

"பின்னால் வைத்தால் பக்கம் மாறிப்போகும்."

"வாங்கன்னு ஒரு வார்த்தை. அப்புறம் எத்தனை இல்லே வேணா சொல்லுங்க. ஜீப்பு வித்ததை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"முன்பு இருந்தது தெரியவேண்டும் என்றீர்களே. போன காரணமும் சேர்ந்தால்தானே கேள்வி எழாது?"

"போன காரணம் வரைக்கும் எல்லாம் கேக்காதீங்க. 'இப்போ இல்லே' மதி, அது போதும்."

அவர் சொன்னது சரி. ஜீப்பை விற்ற செய்தியை நீக்கினேன். அதற்கு மேலே ஒரேயொரு சிறுவரி வந்தது: 'வருக, மலைச்சரிவில் இரண்டு அறைகள்.' அதன் கீழே மூன்று இல்லைகள். பிறகு மற்றவை: பழைய வாசகத்தில் இருந்த காட்சியும் காற்றும் பறவைகளும். அவற்றை மட்டும், அவர் அனுமதியோடு, பாதியாகக் குறைத்தேன். மிகச் சிறிய திரையுள்ள கருவியிலும் மூன்று மறுப்புகளும் முதற்பக்கத்தின் வெட்டுக்கு முன்பே முடிந்தன. இழுப்பறையிலிருந்த கருவிகள் ஒவ்வொன்றிலும் அதைச் சரிபார்த்தோம்.

அதே வேளையில் நிரலாளர் வடிகட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். அடித்த சொற்களையும் சேர்த்தே நீக்கிவிடலாம் என்று அவர் முதலில் எண்ணினார். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, அந்த யோசனையைத் தாமே கைவிட்டார். அடித்தற்குறி உள்ள எந்த வாசகமும் கைப்பேசிப் பதிப்புக்குத் தானாகப் போகாமல் நின்று, என் மேசைக்கு வரவேண்டும் என்று முடிவாயிற்று. கோட்டைச் சொல்லாக மாற்றுவது ஒரு மனிதர் செய்யவேண்டிய வேலை; எந்தச் சொல் என்பதை இயந்திரம் அறியாது. பழைய வாசகங்களைத் தேடியபோது அடித்தல் இருந்த வேறு சில வீடுகளும் அகப்பட்டன. மறுநாள் இன்னும் சில அகப்பட்டன: ஒரே பொத்தானை அழுத்தினாலும், சில கணினி உலாவிகள் அடித்தலுக்கென்று உள்ள குறியை இடாமல், நடுக்கோடு வேண்டும் என்ற அலங்காரக் கட்டளையாக அதை எழுதிவைத்திருந்தன. இரண்டையும் தேடும்படி அவர் வடிகட்டியைத் திருத்தினார்.

பிரிவுத் தலைவர் வந்தார். கணினியைத் தொடவில்லை. கைப்பேசியை வாங்கி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, வாய்விட்டே படித்தார். முதல் இல்லை. இரண்டாவது. மூன்றாவது. நிமிர்ந்து வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சேட்டா, இத்தனை இல்லேன்னு சொன்னா யாரு வருவா?"

"நடக்கத் தெரிஞ்சவன் வருவான்."

பிரிவுத் தலைவர் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது, வீடு நீக்கப்படவில்லை என்றும் மூன்று புகார்களும் அவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்றும் சொன்னார். வீட்டுக்காரர் நன்றி என்று யாருக்கும் சொல்லவில்லை. புதிய வாசகத்தை ஒரு தாளில் அச்சிட்டுத் தருமாறு கேட்டார். கண்ணுக்குத் தெரியும் பெரிய எழுத்தில் கொடுத்தோம். அங்கேயே நின்று முழுவதும் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பேருந்துக்கு முன்பே வீடு போகவேண்டும் என்று புறப்பட்டார். நான் அந்த அலுவலகத்தில் இருந்தவரை அவ்வீடு தளத்தில் இருந்தது. வாசகம் பொய் என்ற புகார் பிறகு அதன்மேல் வரவில்லை. இவ்விரண்டையும் நான் அவ்வப்போது பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

தெரியாதவை இவை. புகார் எழுதிய மூவருக்கும் பிரிவுத் தலைவர் விளக்கம் அனுப்பினார். ஒருவர் மட்டுமே மறுமொழி எழுதினார். மற்ற இருவர் அதைப் படித்தார்களா, அந்த வீட்டுக்காரரைப் பொய்யர் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்களா என்பது தெரியாது. அடித்தல் இருந்த மற்ற வீடுகளுக்குக் கைப்பேசியில் படித்துவிட்டு எத்தனை பேர் போனார்கள், புகார் எழுதாமலே கோபித்துக்கொண்டு திரும்பியவர்கள் உண்டா என்பதும் தெரியாது. கைப்பேசிப் பதிப்பின் பழைய பக்கங்களை நாங்கள் சேமித்துவைக்கவில்லை.